நின்ற படத்தில் ஓடிக்கொண்டிருந்தவன்

ஒரு கிளிப்பை நிறுத்தி அதன்மேல் சிவப்பு வட்டம் போடுவதற்கு எனக்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த வட்டத்துக்குள் நான் மாட்டிவிட்ட பையன் அதிலிருந்து வெளியே வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதப்போகிறேன்.

எனக்கு வேலை மென்பொருள். நாகர்கோவில் வீட்டில் இருந்தபடியே வேலை. கொரோனா காலத்தில் ஊருக்குத் திரும்பியவன் அப்படியே இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூத்தூர் கடற்கரைப் பக்கம் போவேன். தக்கலை, மார்த்தாண்டம் என்று பஸ் மாறிப் போகவேண்டும். இரவிபுத்தன்துறையிலிருந்து நீரோடி வரை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் கடற்கரை ஊர்கள். அப்பாக்கள் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கழித்துத் திரும்புகிற ஊர்கள். பிள்ளைகள் மாலையானால் மண் மைதானத்தில் கால்பந்து ஆடுவார்கள். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டிக்கும், பிறகு ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூருக்கும் ஏ.டி.கே.வுக்கும் ஆடினார், இந்திய அணியின் சட்டையும் போட்டார். அந்தப் பெயரைச் சொல்லாமல் அங்கே யாரும் கால்பந்து பேச்சை முடிப்பதில்லை.

நான் ஆடுகிறவன் இல்லை. கல்லூரியில் ஹாஸ்டல் அணியில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்ததோடு சரி. ஒரு நண்பன் வழியாக அங்குள்ள ஒரு அணியின் கோச்சைத் தெரியும். ஐம்பது வயதுக்காரர், ஒருகாலத்தில் ஸ்டாப்பர். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்லா, டிவியில செய்யுற மாதிரி படத்த நிறுத்தி கோடு போட்டுக் காட்ட முடியுமா மக்கா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அப்படித் தொடங்கியது.

டிவியில் செய்வதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஓடும் படத்தின்மேல் பேனாவால் வரையும் கருவியை 1950களில் உருவாக்கியவர் லியோனார்ட் ரைஃபல் என்ற இயற்பியலாளர். தன் அறிவியல் நிகழ்ச்சியில் படங்களை விளக்குவதற்காகச் செய்தார். 1982இல் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் ஆட்டத்தில் ஜான் மேடன் அதை வைத்து ஆட்டத்தை விளக்கிய பிறகு அது விளையாட்டுக்குரிய பொருளாகிவிட்டது. இன்று கினோவியா என்ற இலவச மென்பொருளே அதைச் செய்யும். படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தலாம், நிறுத்தலாம், அம்பும் வட்டமும் போடலாம், தூரம்கூட அளக்கலாம். எனக்குத் தேவைப்பட்டது அதுவும், என் போனும், ஒரு முக்காலியும்தான்.

மைதானத்தின் ஓரத்தில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் மொட்டைமாடியில் போனை வைப்பேன். தரையிலிருந்து எட்டு மீட்டர் உயரம். போனை அசைக்கவே மாட்டேன். அசைத்தால் தூரம் அளக்க முடியாது. அதனால் பாதி மைதானம்தான் படத்தில் வரும், எங்கள் அணி எந்தப் பக்கம் தாக்குகிறதோ அந்தப் பாதி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஃப்ரேமைச் சீராக்குவது. போன் கேமரா வினாடிக்கு 30 ஃப்ரேம் என்று சொல்லிக்கொண்டாலும் வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து 27, 29 என்று மாறிமாறி எடுக்கும். அதை அப்படியே வைத்து "பதினைந்து ஃப்ரேம் என்றால் அரை வினாடி" என்று கணக்குப் போட்டால் தப்பாகும். முதலில் இப்படி மாற்றிவிடுவேன். அடுத்த இரண்டு வரிகளும் தேவையான ஃப்ரேம்களைப் படமாக எடுப்பவை.

```
ffmpeg -i match.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -an cfr.mp4
ffmpeg -ss 00:18:11.900 -i cfr.mp4 -frames:v 1 a.png
ffmpeg -ss 00:18:12.400 -i cfr.mp4 -frames:v 1 b.png
```

வட்டம் போடுவதில் முதல் இரண்டு வாரம் அசிங்கமாகத்தான் வந்தது. கினோவியாவில் வட்டத்தை எடுத்து ஆளைச் சுற்றி உருண்டையாகப் போட்டால் அது காற்றில் தொங்கும் பலூன் மாதிரி இருக்கும். பின்னால் நிற்பவனை மறைக்கும். டிவியில் அழகாக இருப்பது ஏன் என்று பார்த்தேன். அவர்கள் வட்டத்தைத் தரையில் போடுகிறார்கள். தரையில் கிடக்கும் வட்டம், சாய்வாகப் பார்க்கிற கண்ணுக்கு நீள்வட்டம். எவ்வளவு தட்டையான நீள்வட்டம்? கேமராவின் உயரத்தை ஆள் இருக்கும் தூரத்தால் வகுத்தால் போதும். எட்டு மீட்டர் உயரம், நாற்பது மீட்டர் தூரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அகலம் 50 புள்ளி என்றால் உயரம் 10 புள்ளி. இப்படிப் போட்டுக் காலுக்கடியில் வைத்தால் ஆள் அந்த வட்டத்தின்மேல் நிற்பதுபோல இருக்கும். கிட்டே நிற்பவனுக்கு வட்டம் கொஞ்சம் உருண்டையாக வரும், தூரத்தில் நிற்பவனுக்கு இன்னும் தட்டையாகும்.

கோட்டின் தடிமனையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மானிட்டரில் மெல்லிய மஞ்சள் கோடு பளிச்சென்று தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும். செம்மண் மைதானத்தின்மேல் மெல்லிய மஞ்சள் கோடு கரைந்தே போய்விடும். அதனால் தடித்த வெள்ளைக் கோடு, அதற்கு ஓரத்தில் கறுப்பு. அம்புக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: பந்து போகும் வழி முழுக்கோடு, ஆள் பந்தில்லாமல் ஓடும் வழி புள்ளிக்கோடு. கூடைப்பந்துக்காரர்கள் இதை நேர்மாறாகப் போடுவார்கள். எதைப் போட்டாலும் பரவாயில்லை, ஒரு அணிக்குள் மாற்றக்கூடாது.

கடைசியாக, எங்கே நிறுத்துவது. இதுதான் கடினம். பந்து பறிபோன பிறகு நிறுத்தினால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பறிபோனது எல்லோருக்கும் தெரியும். ஆட்டக்காரன் இன்னும் தேர்ந்தெடுக்க முடிகிற கணத்தில் நிறுத்தவேண்டும். நான் ஒரு விதி வைத்திருந்தேன்: ஊன்றுகால் தரையில், தலை நிமிர்ந்திருக்கிறது, பந்து இன்னும் காலைவிட்டுப் போகவில்லை. அந்த ஃப்ரேம். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூடப் பார்ப்பேன். அந்த விதியை இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த விதிப்படி சரியாக நிறுத்திய ஒரு ஃப்ரேமில்தான் நான் தவறினேன்.

ஆட்டம் 1-1. இரண்டாம் பாதி, பதினெட்டாவது நிமிடம். எங்கள் இடது விங்கர், பதினேழு வயதுப் பையன், நடுக்கோட்டைத் தாண்டிப் பக்கக் கோட்டோரம் பந்தை வாங்குகிறான். வலப்பக்கம் எங்கள் ஃபார்வர்டு கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். விங்கர் பந்தைக் கொடுக்கவில்லை. உள்ளே வெட்டுகிறான், ஒரு தொடுதல், இன்னொரு தொடுதல், இரண்டு பேர் சூழ்ந்து பிடுங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து எதிரணி மூன்று பாஸில் கோல் அடித்தது. அந்தக் கோல் என் படத்தில் இல்லை, மறுபாதியில் விழுந்தது. படத்தில் இருப்பது காலியான பாதி மைதானமும் ஒரு சத்தமும்தான்.

அன்று மாவட்ட அணிக்கு ஆள் பார்க்கிற ஒருவர் வந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

நான் 18:12.4இல் நிறுத்தினேன். பார்த்தால் கண்கூடு. விங்கருக்கும் ஃபார்வர்டுக்கும் நடுவே இருபது மீட்டருக்கு மேல் வெறும் மண். எதிரணி டிஃபெண்டர் அந்த வழியிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கிறான். விங்கரின் காலடியில் சிவப்பு வட்டம் போட்டேன். அவனிடமிருந்து ஃபார்வர்டுக்கு வெள்ளை அம்பு. நான்கு வினாடி அப்படியே நிற்கவைத்து, பிறகு படத்தை ஓடவிட்டால் அவன் பந்தை இழப்பது தெரியும். அழகாக வந்திருக்கிறது என்று எனக்கே சந்தோஷம்.

ஆலயத்தை ஒட்டிய ஹாலில் புரொஜக்டர் போட்டுக் காட்டினோம். பையன்கள் சிரித்தார்கள். "எடே, அவன் கைய தூக்கிட்டுல்லா ஓடுகான், கண்ணு தெரியல்லியா ஒனக்கு?" என்றான் ஒருவன். விங்கர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் கோச் அவனை வெளியே உட்காரவைத்தார்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். கொஞ்ச தூரம் பேசாமல் வந்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணா, அந்த ஆளு நிக்கல்ல. வந்துகிட்டிருந்தான்."

"எந்த ஆளு?"

"படத்துல ஒரு ஓரமா நின்னான்லா, அவன். நின்ன மாதிரி இருக்கு. ஆனா அவன் வந்துகிட்டிருந்தான். குடுத்திருந்தா அவனுக்குத்தான் கெடச்சிருக்கும்."

நான் "பாக்குறேன்" என்றேன். நம்பவில்லை. தோற்றவன் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமல்லவா என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். படத்தில் அந்த டிஃபெண்டர் நிற்கிறான். கால் இரண்டும் தெளிவாக, கல்லில் செதுக்கியதுபோல.

இரவு லேப்டாப்பைத் திறந்ததும் அந்தத் தெளிவே என்னைக் குத்தியது. ஓடுகிறவன் கால் படத்தில் கலங்கியிருக்க வேண்டாமா? மங்கலான வெளிச்சத்தில் எடுத்தால் கலங்கும். ஆனால் மாலை நான்கு மணிக் கடற்கரை வெயில். அந்த வெளிச்சத்தில் போன் ஒவ்வொரு ஃப்ரேமையும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் திறந்து எடுக்கிறது. வினாடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறவன் அந்த நேரத்தில் ஆறு மில்லிமீட்டர் நகர்வான். அறுபது மீட்டர் அகலத்தை 1920 புள்ளிகளில் அடைத்த என் படத்தில் ஒரு புள்ளியே மூன்று சென்டிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் அதில் எங்கே தெரியும்? நல்ல வெயிலில் எடுத்த படத்தில் ஓடுகிறவனும் நிற்கிறவனும் ஒன்றுதான்.

பதினைந்து ஃப்ரேம் பின்னால் போனேன். அரை வினாடி. டிஃபெண்டர் வேறு இடத்தில் இருந்தான்.

எவ்வளவு தூரம் என்று அளந்தேன். கினோவியாவில் அளவு தெரிந்த செவ்வகத்தின் நான்கு மூலைகளைக் காட்டினால் அது தரையின் சாய்வைக் கணக்கிட்டு மீட்டரில் சொல்லும். பெனால்டி கட்டம் 16.5 மீட்டர் ஆழம், 40.3 மீட்டர் அகலம். எங்கள் மைதானத்தில் அதை டேப் வைத்து அளந்து சுண்ணாம்பு போட்டிருந்தோம். கட்டத்துக்கு வெளியே போகப்போகப் பிழை கூடும். நடுக்கோட்டுப் பக்கம் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இருக்கலாம். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அளந்தேன். டிஃபெண்டர் அரை வினாடியில் மூன்று மீட்டர் வந்திருந்தான். அதாவது வினாடிக்கு ஆறு மீட்டர், நல்ல ஓட்டம். திசை, நான் போட்ட வெள்ளை அம்பை நோக்கி.

மிச்சம் சிறிய கணக்கு. அவன் அம்பின் வழியைச் சந்திக்கும் இடம் விங்கரிடமிருந்து 16 மீட்டர். தரையோடு போகும் பாஸ், அதுவும் மண்ணில், வழியில் வேகம் குறையும். சராசரி வினாடிக்கு 12 மீட்டர் என்று தாராளமாகவே வைத்தேன். பந்து அங்கே போய்ச்சேர 1.3 வினாடி. டிஃபெண்டர் அந்த இடத்திலிருந்து ஆறரை மீட்டர் தள்ளி இருக்கிறான். அவனுக்கு 1.1 வினாடி. இதற்கும் மேல், நான் நிறுத்திய ஃப்ரேமில் பந்து விங்கரின் காலடியில் ஒட்டிக் கிடக்கிறது. அதை அடிக்க முதலில் கொஞ்சம் முன்னால் தள்ளவேண்டும், காலை வீசவேண்டும். இன்னொரு அரை வினாடி. என் அளவில் ஒரு மீட்டர் பிழை என்று வைத்தாலும் டிஃபெண்டர் கணக்கில் மாறுவது 0.17 வினாடி. அவன்தான் முந்துகிறான்.

நான் போட்ட அம்பு கணநேரத்தில் பாயும் அம்பு. பந்து அப்படிப் போவதில்லை. அம்பை வரையும்போது மற்ற 21 பேரையும் உறையவைத்துவிட்டுப் பந்தை மட்டும் ஓடவிடுகிறோம். நிறுத்திய படத்தில் திறந்திருக்கும் வழி எல்லாம் திறந்த வழி இல்லை. பந்து போய்ச்சேரும்போது திறந்திருக்கவேண்டும்.

பெரிய இடத்திலும் சிக்கல் இதுதான். 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடு பார்க்க 12 கேமராக்கள் ஒவ்வொரு ஆட்டக்காரனின் உடலில் 29 இடங்களை வினாடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் வினாடிக்கு 500 முறை அளக்கும் சென்சார் இருந்தது. பந்தை உதைத்த கணம் எது என்பதில் ஒரு ஃப்ரேம் தவறினால் கோட்டின் இடமே மாறிவிடும் என்பதற்காக அவ்வளவு ஏற்பாடு. என் 30 ஃப்ரேம் படத்தில் ஆறு மீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் 20 சென்டிமீட்டர் தாவுகிறான். அதை வைத்து நான் ஒரு பையனைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு கொஞ்சம் முன்னாலேயே போனேன். மைதானம் காலி. விங்கர் நின்ற இடத்துக்குப் போய் நின்றேன். ஃபார்வர்டு ஓடிய இடத்தில் ஒரு கோன், டிஃபெண்டர்கள் இருந்த இடங்களில் மூன்று கோன். பிறகு கோச்சையும் இரண்டு பையன்களையும் கோன்களில் நிற்கச்சொன்னேன். எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விரிந்து கிடந்த அந்த வெறும் மண் அங்கிருந்து தெரியவே இல்லை. ஆள்மேல் ஆள் ஒட்டிக்கொண்டு ஒரு சுவர். சுவருக்கு மேலே ஃபார்வர்டின் கை மட்டும் தெரிந்தது. மொட்டைமாடிக்கும் தரைக்கும் அவ்வளவு வித்தியாசம். விங்கர் அந்தச் சுவரில் ஒரு செங்கல் நகர்வதைப் பார்த்திருக்கிறான். நான் மாடியிலிருந்து பார்க்கவில்லை.

அப்படியென்றால் பந்து பறிபோனது யார் தப்பு? கிளிப்பைத் திரும்பப் பார்த்தேன், இந்த முறை விங்கரை விட்டுவிட்டு. அவனுக்குப் பின்னால், எட்டு பத்து மீட்டரில், பந்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருக்கவேண்டும். எங்கள் நடு ஆட்டக்காரன் அந்தத் தாக்குதலை வேடிக்கை பார்த்தபடி இருபது மீட்டர் பின்னால் நடந்துகொண்டிருந்தான். அவன் பாதிப் படத்தில் ஓரமாக வருகிறான். ஆள் இல்லாத அந்த இடத்தில் புள்ளிக்கோட்டால் ஒரு வட்டம் போட்டேன். நான் அதுவரை போட்ட வட்டங்களிலேயே உருப்படியானது அதுதான். இருக்கும் ஆள் கண்ணுக்குத் தானே தெரிவான். இல்லாத ஆளைக் காட்டத்தான் வரையவேண்டியிருக்கிறது.

ஹாலில் புதிய கிளிப்பைப் போட்டேன். முதலில் "போன வாரம் நான் போட்ட அம்பு தப்பு" என்றேன். இரண்டு ஃப்ரேம்களையும் மாற்றிமாற்றிக் காட்டினேன். அரை வினாடி முன்னால், அரை வினாடி பின்னால். டிஃபெண்டர் மூன்று மீட்டர் தாவினான். அவன் காலடியிலிருந்து அவன் ஓடும் திசையில் ஒரு புள்ளிக்கோட்டு அம்பு. அதன் நீளம், பந்து போகும் நேரத்தில் அவன் கடக்கும் தூரம். அது வெள்ளை அம்பை வெட்டியது. பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. முன்பு கண் தெரியல்லியா என்று கேட்டவன்தான் "அப்போ பொறத்த குடுக்கணுமா?" என்றான். விங்கர் முதன்முறையாகப் பேசினான்: "பொறத்த ஆரு நின்னா?" நடு ஆட்டக்காரன் தலையைச் சொறிந்தான்.

முடிந்தபின் கோச் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் ஆடுன காலத்துல கோச் ஏசுவாரு, நாங்க திருப்பி ஏசுவோம். அவரு பாத்தது ஒண்ணு, நாங்க பாத்தது ஒண்ணு. இப்போ நீ படத்த நிறுத்தி வட்டம் போட்டா அந்தப் பையன் என்னத்தச் சொல்லுவான்? செவத்துல எழுதி வச்ச மாதிரில்லா இருக்கு," என்றார். பிறகு, "நானும் அத நம்பித்தான அவன உக்கார வச்சேன்," என்றார்.

அதன்பிறகு வேலையின் ஒழுங்கை மாற்றிக்கொண்டோம். நிறுத்திய ஃப்ரேமை முதலில் கோடு எதுவும் இல்லாமல் காட்டுகிறேன். பந்து வைத்திருந்தவனிடம் "நீ என்ன பாத்த?" என்று கேட்கிறோம். அவன் எழுந்துபோய்ச் சுவரில் விரலால் காட்டுவான். அவன் சொன்னதைத்தான் முதலில் வரைகிறேன். அதற்குப் பிறகு அரை வினாடி முன்னாலிருக்கும் ஃப்ரேம். கடைசியில்தான் என் அம்பு, தேவைப்பட்டால். பல நாள் தேவைப்படுவதில்லை. ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து கிளிப் வெட்டிக்கொண்டிருந்தவன் இப்போது நான்குதான் வெட்டுகிறேன். சிவப்பு நிறத்தை எடுத்தே விட்டேன்.

விங்கர் அடுத்த ஆட்டத்தில் ஆடினான். மாவட்ட அணிக்கு ஆள் பார்க்கிறவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அதை எந்தக் கிளிப்பாலும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. போன வாரம் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது அவன் சைக்கிளை நிறுத்தி, "அண்ணா, அடுத்த மாட்ச்சுக்கு அந்த போன கொஞ்சம் தாழ வைக்க முடியுமா? எனக்குத் தெரியுற மாதிரி," என்று கேட்டான். தாழ வைத்தால் தூரம் அளக்க முடியாது, ஆள்மேல் ஆள் மறைக்கும் என்றேன். "ஆமா, மறைக்கும்லா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

இரண்டாவது போன் ஒன்று வாங்கியிருக்கிறேன், பழையதுதான். வருகிற ஞாயிறு அதைப் பக்கக் கோட்டோரம் அவன் கண் உயரத்தில் வைக்கப்போகிறேன்.